கடைவாயில் தொடங்கிய மாரடைப்பு

அவரை முருகேசன் என்று அழைப்போம். வயது 53, எடை 74 கிலோ. சென்னை விமான நிலையத்திலிருந்து வெளியூர்களுக்கு டாக்சி ஓட்டுகிறார். சர்க்கரை நோய் வந்து ஆறேழு வருடம் ஆகிறது. மாத்திரை நினைவு வரும் நாளில் உண்டு, வராத நாளில் இல்லை. இரவு ஓட்டத்தில் தூக்கம் கலைய சிகரெட். இப்படி ஒரு தனி மனிதர் உண்மையில் இல்லை. இதய சிகிச்சைப் பிரிவுகளில் திரும்பத் திரும்பக் கேட்கிற கதைகளைச் சேர்த்து நான் உருவாக்கிய மனிதர் இவர். ஆனால் இவர் உடலில் நடப்பதும், இவருக்குத் தரப்படும் சிகிச்சையும், அதற்கான நேரக் கணக்கும் இன்றைய மருத்துவ நடைமுறையை ஒட்டியவை.

கதை மாரடைப்பு வந்த இரவில் தொடங்கவில்லை. இரண்டு நாள் முன்பு, ஒரு குடும்பத்தின் பெட்டிகளை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஒரு கனத்த வலி வந்தது. படியில் நின்றார். ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. அவருக்கு இடது கடைவாயில் சொத்தைப் பல் ஒன்று உண்மையிலேயே இருந்தது. ஆகவே மெடிக்கல் ஷாப்பில் பல்வலி மாத்திரை கேட்டு வாங்கினார். மறுநாளும் அப்படியே: பெட்டி தூக்கும்போது வலி, உட்கார்ந்தால் போய்விடும்.

சொத்தைப் பல் படிக்கட்டு ஏறினால் வலிப்பதில்லை. மெல்லும்போது, சூடோ குளிரோ படும்போது, இரவில் படுத்திருக்கும்போது வலிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கமாகவே வலிக்கும். எந்தப் பல் என்று விரலால் தொட்டுக் காட்ட முடியும். உடல் உழைக்கும்போது வந்து, ஓய்ந்தால் அடங்கி, இரண்டு தாடையிலும் பரவி, இன்ன இடம் என்று காட்ட முடியாத வலி இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்ப்பதற்குத் தேவையான தகவல் எல்லாமே முருகேசனிடம் இருந்தது. ஆனால் வாயில் ஒரு சொத்தைப் பல் இருக்கிறவர் வேறு காரணத்தைத் தேடுவதில்லை. இதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் தயாராக ஒரு நல்ல விளக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த இரண்டு நாளும் அவருடைய வலது கொரோனரித் தமனியில் நடந்தது இது. தமனியின் உட்சுவரில் பல வருடங்களாகச் சேர்ந்திருந்த கொழுப்புத் திட்டின் மேல்மூடி ஓரிடத்தில் கிழிந்தது. கிழிசலின் மேல் ரத்தத் தட்டுகள் ஒட்டி ஒரு சிறு உறைகட்டி உருவானது. அது வளர்வதும் கரைவதுமாக இருந்தது. தமனி முழுதாக அடைபடவில்லை. ஓய்வில் இருக்கும் இதயத்துக்கு வேண்டிய ரத்தம் போய்க்கொண்டிருந்தது, மாடி ஏறும் இதயத்துக்கு வேண்டியது போகவில்லை.

மூன்றாம் நாள் அதிகாலை 3:15-க்கு வளைகுடாவிலிருந்து வந்திறங்கிய ஒரு இளைஞரை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். மேல்மருவத்தூரைத் தாண்டும்போது மணி 4:20. தாடை வலி மறுபடி வந்தது. இந்த முறை அவர் எதையும் தூக்கவில்லை. உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். உறைகட்டி தமனியை முழுதாக மூடிவிட்ட நேரம் அதுதான். நம்முடைய கடிகாரம் 4:20-இல் தொடங்குகிறது.

ஐந்து நிமிடத்தில் வலி போகவில்லை. பத்து நிமிடத்திலும் போகவில்லை. சட்டைக் காலர் நனைந்தது.

“என்னண்ணே, ஏ.சி.யில இருந்துக்கிட்டு இப்படி வேர்க்குது உங்களுக்கு?” என்றார் பின்னாலிருந்த இளைஞர்.

“ரெண்டு ராத்திரியா தூக்கமில்ல சார். பல்லு வேற படுத்துது.”

4:35-க்கு அச்சிறுபாக்கம் அருகே டீக்கடையில் வண்டியை ஓரம் கட்டினார். ஒரு சோடா குடித்தார். ஏப்பம் வந்தது, கொஞ்சம் இதமாக இருந்ததுபோல் பட்டது. அப்படியானால் கேஸ்தான் என்று முடிவு செய்தார். அங்கே நின்றிருந்த இன்னொரு டிரைவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “எங்கப்பாவுக்கு வாங்குன மாத்திரை வண்டியில இருக்கு, நாக்குக்கு அடியில ஒண்ணு வெச்சுக்கறியா?” என்று கேட்டார். “பல்லு வலிக்கு அது எதுக்குப்பா?” என்று மறுத்துவிட்டார் முருகேசன். அந்த மறுப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேஸ் என்ற முடிவு தமிழ்நாட்டில் மாரடைப்பு நேரத்தை விழுங்கும் பழைய வழக்கம். ஏப்பம் விட்டால் வலி குறைவது எதையும் நிரூபிப்பதில்லை. மாரடைப்பு வலியும் ஏறி இறங்கும். உறைகட்டி நிமிடத்துக்கு நிமிடம் கொஞ்சம் திறந்து மூடும். சோடா குடித்த நேரமும் வலி இறங்கிய நேரமும் ஒன்றாக அமைந்தது தற்செயலாக இருக்கலாம்.

இதயம் பாதிக்கப்படும்போது தாடை ஏன் வலிக்க வேண்டும்? இதயத்திலிருந்து வலிச் செய்தி மூளைக்குப் போக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, பரிவு நரம்புகளோடு சேர்ந்து தண்டுவடத்தின் மார்புப் பகுதிக்குள் மேற்பக்கமாக நுழைவது. கையின் உட்புறத்திலிருந்தும் மார்புத் தோலிலிருந்தும் வரும் நரம்புகள் வந்து சேரும் இடமும் அதுதான். நெஞ்சுவலி இடது கைக்குப் பரவுவது இந்தப் பாதையால். இன்னொன்று வேகஸ் நரம்பு வழியாக நேரே மூளைத்தண்டுக்குப் போவது. அங்கிருந்து அந்தத் தூண்டல் கழுத்துத் தண்டுவடத்தின் உச்சிப் பகுதியில் உள்ள நரம்பணுக்களை எட்டுகிறது. தாடை, பல், முகம் ஆகியவற்றின் உணர்வைச் சுமந்து வரும் முப்பெருநரம்பின் இழைகளும் அதே அணுக்களில்தான் வந்து முடிகின்றன. அந்த அணுக்களுக்குத் தாடையிலிருந்து வாழ்நாள் முழுக்கச் செய்தி வந்திருக்கிறது. இதயத்திலிருந்து வந்தது அபூர்வம். ஆகவே மூளை தனக்குப் பழகிய இடத்தையே காட்டுகிறது.

வேகஸ் நரம்பின் இழைகள் இதயத்தின் அடிச்சுவரிலும் பின்சுவரிலும்தான் மிகுதி. பெரும்பாலோரிடம் அந்தச் சுவருக்கு ரத்தம் தருவது வலது கொரோனரித் தமனி. இதை வைத்துப் பார்த்தால் முருகேசனுக்கு வந்த தொல்லைகள் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. தாடை வலி, குமட்டல், பின்னால் வரப்போகும் வாந்தி, நாடி தளர்ந்து போவது எல்லாமே தூண்டப்பட்ட அந்த ஒரே நரம்பின் வேலை. வயிற்றில் கோளாறு என்று அவர் நினைத்ததற்குக் காரணமும் அதுவே.

வேர்வையின் கதை வேறு. வெயிலில் வேர்ப்பது உடலைக் குளிர்விக்க. அப்போது தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும், தொட்டால் தோல் சூடாக இருக்கும். ரத்த ஓட்டம் ஆபத்தில் இருக்கிறது என்று மூளை உணரும்போது பரிவு நரம்புகள் ஒரேயடியாகத் துடிக்கின்றன. அவை தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதே நேரம் வேர்வைச் சுரப்பிகளையும் திறந்துவிடும். ஆகவே தோல் வெளிறி, குளிர்ந்து, நனைந்து போகிறது. காருக்குள் ஏ.சி. ஓடும்போது, உழைப்பு எதுவும் இல்லாமல், சட்டை ஒட்டும் அளவுக்குச் சில்லென்ற வேர்வை வருவதற்குத் தூக்கமின்மை காரணமல்ல, பல்லும் காரணமல்ல. தாடை வலியை மட்டும் வைத்து யாருக்கும் சந்தேகம் வரலாம், வராமலும் போகலாம். அதனோடு இந்த வேர்வையும் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை என்றே நான் சொல்வேன்: ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

தாடையில் மட்டும் வலிக்கும் மாரடைப்பு எத்தனை அரிது? உருகுவேயின் மருத்துவமனைகளில் இதய ரத்தக்குறைவு ஏற்பட்ட 186 நோயாளிகளை வரிசையாக விசாரித்து எழுதிய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அவர்களில் 38 சதவீதம் பேருக்குத் தாடை, தொண்டை, முகம் ஆகிய பகுதிகளில் எங்காவது வலி இருந்தது. 6 சதவீதம் பேருக்கு அது ஒன்றே அறிகுறி. நெஞ்சில் வலியே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற காட்சியை சினிமாவில் பார்த்துப் பழகிய நமக்கு இந்த 6 சதவீதம் கண்ணில் படுவதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு இதயத்தின் உணர்வு நரம்புகளே மங்கிப்போவதால் நெஞ்சுவலி குறைவாகவோ இல்லாமலோ போகும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

4:50-க்கு அவர் மறுபடி வண்டியை எடுத்தார். அதற்குள் தமனி அடைபட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அடைப்பு விழுந்த உடனே இதயத் தசை இறந்துவிடுவதில்லை. முதல் நிமிடத்திலேயே அந்தப் பகுதி சுருங்குவதை நிறுத்திக்கொள்ளும், ஆனால் உயிரோடு இருக்கும். ஏறத்தாழ 20 நிமிடம் கழிந்த பிறகே முதல் செல்கள் மீட்க முடியாதபடி இறக்கத் தொடங்குகின்றன. சாவு இதயச் சுவரின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நகர்கிறது. இதை நாய்களின் இதயத்தில் அளந்து காட்டியவர்கள் ரெய்மரும் ஜென்னிங்ஸும். 1977-இல் வெளிவந்த ஆய்வு அது. தமனியை 40 நிமிடம் கட்டிவைத்து அவிழ்த்தபோது, ஆபத்தில் இருந்த தசையில் ஏறத்தாழ 38 சதவீதம் இறந்திருந்தது. 3 மணி நேரத்தில் 57 சதவீதம், 6 மணி நேரத்தில் 71 சதவீதம். மனிதர்களுக்கு இந்த வேகம் ஆளுக்கு ஆள் மாறும்; பக்கத்துத் தமனிகளிலிருந்து துணைக் குழாய்கள் ரத்தம் தந்தால் மெதுவாகும். ஆனால் அந்த எண்களின் போக்கைக் கவனியுங்கள். முதல் நாற்பது நிமிடத்தில் போவதற்கும் அடுத்த இரண்டு மணி இருபது நிமிடத்தில் போவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. தொடக்கத்தில் இழப்பு வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. எனவே தொடக்கத்து நிமிடம் ஒவ்வொன்றும் பிந்திய நிமிடத்தைவிட அதிகத் தசையைக் காப்பாற்றும்.

5:15-க்கு திண்டிவனம். அரசு மருத்துவமனை உள்ள ஊர். செஞ்சி சாலையில் திரும்பி, நிற்காமல் போனார். சவாரியைப் பாதியில் விடுவது அவருக்குக் கௌரவக் குறைவு. அதோடு திருவண்ணாமலை போனால்தான் காசு. 5:40-க்கு, செஞ்சிக்குச் சற்று முன்பாக, கண் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியை எப்படியோ ஓரம் நிறுத்தி, கதவைத் திறந்து வாந்தி எடுத்தார். அவர் வண்டியை நிறுத்த முடிந்தது இருவருக்குமே பெரிய அதிர்ஷ்டம். மாரடைப்பின் முதல் மணி நேரங்களில் இதயத்தின் கீழறைகள் திடீரென ஒழுங்கற்றுத் துடிக்கத் தொடங்கினால், ஸ்டியரிங்கில் இருப்பவர் சில நொடிகளில் நினைவிழந்துவிடுவார்.

இளைஞர் 108-ஐ அழைத்தபோது மணி 5:44. அவர் அதோடு இன்னொன்றும் செய்தார்: முருகேசனைப் பின்சீட்டுக்கு நடக்க வைக்கவில்லை, தானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பவும் இல்லை. ஆம்புலன்ஸில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி இருக்கும், டாக்சியில் இருக்காது.

5:58-க்கு ஆம்புலன்ஸ் வந்தது. நாடி 44, ரத்த அழுத்தம் 90/60. 6:13-க்கு தாலுகா அரசு மருத்துவமனை வாசல். 6:18-க்கு ஈ.சி.ஜி. காகிதம் மருத்துவர் கையில் இருந்தது. மருத்துவமனைக்குள் நுழைந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. இங்கே 5 நிமிடத்தில் முடிந்தது. தாடை வலி, வேர்வை, வாந்தி என்று சொல்லிக்கொண்டு வருகிற 53 வயதுக்காரரை வரிசையில் உட்கார வைக்காமல் நேரே படுக்க வைத்த செவிலியருக்கு இந்த 5 நிமிடத்தில் பெரும்பங்கு உண்டு.

இதயத்தின் அடிச்சுவரைப் பார்க்கும் மூன்று லீடுகளிலும் எஸ்.டி. பகுதி தூக்கி நின்றது. மூன்றாவது லீடில் 4 மி.மீ. எதிர்ப்பக்க லீடுகளில் அது தாழ்ந்திருந்தது. அதாவது ஒரு தமனி முழுதாக அடைபட்டிருக்கிறது, அது பெரும்பாலும் வலது தமனி. அனுபவமுள்ள மருத்துவர் இந்தப் படத்தைப் பார்த்ததும் அடுத்து ஒரு காரியம் செய்வார். மின்முனைகளில் சிலவற்றைக் கழற்றி மார்பின் வலது பக்கத்தில் ஒட்டி இன்னொரு ஈ.சி.ஜி. எடுப்பார். 6:21-க்கு அதுவும் வந்தது. அங்கேயும் எஸ்.டி. உயர்ந்திருந்தது: வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருக்கிறது.

டீக்கடையில் நீட்டப்பட்ட மாத்திரையின் விஷயம் இங்கேதான் வருகிறது. நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உடலின் சிரைகளை விரியச் செய்து, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தைக் குறைக்கும். பலருக்கு அது வலியைத் தணிக்கும். ஆனால் வலது கீழறை செயலிழந்தவருக்கு, திரும்பி வரும் அந்த ரத்தத்தின் அழுத்தம்தான் நுரையீரல் வழியாக இடப்பக்கத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது. அதைக் குறைத்தால் ரத்த அழுத்தம் தடாலென்று சரியலாம். அதிகாலை நெடுஞ்சாலையில், ஏற்கனவே அழுத்தம் தாழ்ந்துகொண்டிருந்த ஒருவருக்கு அது முடிவாகியிருக்கக்கூடும். நம் ஊரில் பலர் சட்டைப் பையில் இந்த மாத்திரையை வைத்துக்கொண்டு, யாருக்கு நெஞ்சு வலித்தாலும் நல்ல மனதோடு எடுத்து நீட்டுகிறார்கள். தன் மருத்துவர் தனக்கென்று எழுதித் தந்த மாத்திரையைத் தான் போட்டுக்கொள்வது வேறு. இன்னொருவருடையதைப் போட்டுக்கொள்வது வேறு.

முருகேசனுக்கு நைட்ரேட் தரப்படவில்லை. அதற்கு நேர்மாறாக, சிரை வழியே அரை லிட்டர் உப்புநீர் ஏற்றி இதயத்துக்கு வரும் ரத்தத்தை நிறைத்தார்கள். நாடி தளர்ச்சிக்கு அட்ரோபின் 0.6 மி.கி.; சில நிமிடங்களில் நாடி 62-க்கு ஏறியது. 14 மாத்திரைகளையும் உள்ளே அனுப்பினார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அட்டர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு. தமிழ்நாட்டு அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் வேளையாகத் தரப்படுவது இந்தப் பதினான்குதான். முதல் இரண்டும் ரத்தத் தட்டுகள் மேலும் ஒட்டாமல் தடுக்கின்றன. தமனியைத் திறப்பது அவற்றின் வேலை அல்ல.

திறப்பதற்கு இரண்டு வழிகள். ஒன்று ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது கம்பியும் பலூனும் செலுத்தி அடைப்பை விலக்குவது. குறித்த நேரத்துக்குள் செய்ய முடிந்தால் இதுவே சிறந்தது. குறித்த நேரம் என்பது, மாரடைப்பு என்று தெரிந்ததிலிருந்து கம்பி அடைப்பைக் கடக்கும் வரை அதிகபட்சம் 120 நிமிடம். அந்த விடியற்காலையில் குழு ஆயத்தமாக இருந்த கேத் லேப் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தது. வண்டி வர, நோயாளியை ஏற்ற, அங்கே இறக்கி மேஜையில் படுக்க வைக்க என்று சேர்த்தால் 150 நிமிடத்துக்குக் குறையாது. அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டாவது வழி: உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை இருக்கும் இடத்திலேயே போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது.

ஈ.சி.ஜி.யின் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்த இதய நிபுணர் 6:25-க்கு “லைசிஸ் குடுங்க, உடனே அனுப்புங்க” என்றார். ஆனாலும் ஊசி உடனே போடப்படவில்லை. அடுத்த சில நிமிடங்கள் கேள்விகளுக்கு. மூளையில் எப்போதாவது ரத்தம் கசிந்ததுண்டா? சமீபத்தில் பக்கவாதம், தலையில் அடி, பெரிய அறுவை சிகிச்சை, குடலில் ரத்தப்போக்கு? உறைகட்டியைக் கரைக்கும் மருந்துக்கு இதயம், மூளை என்ற வேற்றுமை தெரியாது. எங்கே ஆறாத புண் இருந்தாலும் அங்கே ரத்தம் கசியச் செய்யும். இன்னொரு சோதனையும் நடந்தது. இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டார் மருத்துவர். பெருந்தமனியின் சுவர் உள்ளே கிழிந்தாலும் தாடைக்கும் கழுத்துக்கும் வலி பரவும்; அந்தக் கிழிசல் வலது கொரோனரித் தமனியின் வாயை அடைத்து இதே ஈ.சி.ஜி.யைக் காட்டவும் கூடும். அப்போது இந்த ஊசியைப் போட்டால் உயிர் போய்விடும். அத்தகைய கிழிசலில் இரு கைகளின் அழுத்தமும் வேறுபடலாம், வலி முதுகைக் கிழிப்பதுபோல் ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போகும். முருகேசனுக்கு இரண்டும் இல்லை.

6:34-க்கு டெனெக்டெப்ளேஸ் 40 மி.கி. ஒரே தள்ளலில் சிரைக்குள் போனது. 70 முதல் 80 கிலோவுக்குள் உள்ளவர்களுக்கான அளவு அது. கூடவே ரத்தம் மீண்டும் உறையாமலிருக்க எனாக்ஸாபரின்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 4:20 முதல் 6:34 வரை 134 நிமிடம். அதில் மருத்துவமனை எடுத்துக்கொண்டது 21. அழைப்பிலிருந்து மருத்துவமனை வாசல் வரை 29. மீதி 84 நிமிடம் அழைப்புக்கு முந்தியது. சொத்தைப் பல்லுக்கும், சோடாவுக்கும், தூக்கமின்மைக்கும், சவாரிக்கும் போனது. கரைக்கும் மருந்துகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 1996-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வலி தொடங்கிய முதல் மணி நேரத்துக்குள் 1000 பேருக்குச் சிகிச்சை தந்தால் 65 உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கின்றன. இரண்டாம் மணி நேரத்தில் அது 37, மூன்றாம் மணி நேரத்தில் 26. முருகேசன் மூன்றாம் மணி நேரத்தில் விழுந்தார். வேர்வை வந்ததும் 4:30-க்கு அழைத்திருந்தால், பிந்திய 50 நிமிடமும் இதே வேகத்தில் நடந்திருந்தால், ஊசி 5:20-க்கு, முதல் மணி நேரம் முடிகிற விளிம்பில் போயிருக்கும். மருத்துவமனைகள் தங்கள் 21 நிமிடத்தை 15 ஆக்கப் படாத பாடு படுகின்றன, அது தேவையும்கூட. ஆனால் பெரிய தொகை இருப்பது அந்த 84-இல்தான்.

7:05 வாக்கில் தாடை வலி பாதியாகக் குறைந்தது. 7:20-க்கு மானிட்டரில் துடிப்பு திடீரென அகன்று, நிதானமான வேகத்தில் ஒரு நிமிடம் ஓடி, தானே சரியானது. புதிதாகப் பார்ப்பவர் பதறிப்போகும் காட்சி. ஆனால் அடைபட்ட தமனி திறந்து ரத்தம் பாயும்போது அடிக்கடி தோன்றும் துடிப்பு அது. அது ஒன்றை மட்டும் நம்ப முடியாது. ஊசி போட்ட 60 முதல் 90 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி.யை மீண்டும் எடுத்து, உயர்ந்திருந்த எஸ்.டி. பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 7:38-க்கு எடுத்ததில் 4 மி.மீ. இருந்தது 1 மி.மீ. ஆகியிருந்தது. இறங்காமல் இருந்திருந்தால் ஊசி தோற்றதாகப் பொருள்; பெரிய மருத்துவமனை போய்ச் சேர்ந்த அந்த நிமிடமே பலூன் சிகிச்சைக்குள் போக வேண்டியிருக்கும். மானிட்டரும் மின்னதிர்ச்சிக் கருவியும் உள்ள ஆம்புலன்ஸ் 7:45-க்குக் கிளம்பி 9:20-க்கு அங்கே சேர்ந்தது.

ஊசி வேலை செய்துவிட்டால் போதாதா, எதற்காக அனுப்ப வேண்டும் என்று குடும்பத்தினர் கேட்பது வழக்கம். கரைந்தது உறைகட்டி மட்டும். கிழிந்த கொழுப்புத் திட்டு அங்கேயே இருக்கிறது. அதன் மேல் மறுபடி கட்டி உருவாகலாம். அதே நேரம், ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில், அவசியம் இல்லாமல் பலூனைச் செலுத்தினால் ரத்தக்கசிவும் புதிய உறைதலும் கூடுகின்றன. ஆகவே ஊசி வென்றவர்களுக்கு 3 மணி நேரம் கடந்து, 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்கிறார்கள். சிறு மருத்துவமனையையும் பெரிய மருத்துவமனையையும் இப்படி ஒரே சங்கிலியாகக் கோத்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நான்கு மருத்துவமனைக் கூட்டங்கள், 2420 நோயாளிகள். முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள்.

முருகேசனுக்குப் பிற்பகல் 2:30-க்கு, ஊசி போட்டு எட்டு மணி நேரத்தில், வலது மணிக்கட்டின் தமனி வழியாக ஆஞ்சியோகிராம் நடந்தது. வலது கொரோனரித் தமனி திறந்திருந்தது, ஆனால் நடுப்பகுதியில் 90 சதவீதம் குறுகியிருந்தது. அங்கே 3 மி.மீ. அகலமுள்ள ஸ்டென்ட் ஒன்றைப் பொருத்தினார்கள். இடது பக்கத் தமனியில் 40 சதவீதக் குறுகல் இருந்தது. அதை மருந்துக்கு விட்டுவிட்டார்கள். 3:15-க்கு முடிந்தது. மறுநாள் எக்கோவில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் ரத்தத்தின் பங்கு 48 சதவீதம் என்று வந்தது. இயல்பாக அது 55-க்கு மேல் இருக்க வேண்டும். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்குப் போகும்போது அவர் கேட்ட முதல் கேள்வி வண்டியைப் பற்றி. பிரிட்டனில் லாரி, பஸ் ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு வந்தால் குறைந்தது 6 வாரம் ஓட்டக்கூடாது. பிறகும் உடற்பயிற்சிச் சோதனையில் தேறினால்தான் உரிமம். அவருடைய மருத்துவர் அதே அளவுகோலை வைத்தார். இரண்டாவது கேள்வி பல்லைப் பற்றி. அந்தச் சொத்தைப் பல் இன்னும் அங்கேதான் இருந்தது. அவசரமில்லாத பல் பிடுங்கலை முதல் சில வாரங்களுக்குத் தள்ளிப்போடச் சொன்னார்கள். அதைவிட முக்கியமாக, பல் மருத்துவரிடம் போகிற நாளிலும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் தானாக நிறுத்தக்கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். புது ஸ்டென்ட் போட்டவர் இந்த இரண்டையும் திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். ஒரு பல்லைப் பிடுங்கினால் வரும் ரத்தத்தைப் பஞ்சை அழுத்தி நிறுத்திவிட முடியும்.

ஆறாம் வார எக்கோவில் 48 என்பது 53 ஆகியிருந்தது. மயங்கிக் கிடந்த தசையில் ஒரு பகுதி விழித்துக்கொண்டிருந்தது. அடிச்சுவரின் மேற்பகுதியில் ஒரு துண்டு மட்டும் மெலிந்து அசையாமல் நின்றது; அது தழும்பாகிவிட்ட தசை, அது இனி சுருங்காது. டிரெட்மில் சோதனையில் தாடை வலி வரவில்லை. பெட்டி தூக்கும் வேலையை விட்டுவிட்டு, பகல் சவாரி மட்டும் எடுப்பதாக அவர் ஒப்புக்கொண்ட பிறகு, எட்டாம் வாரத்தில் வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.